லெப்டினன்ட் மன்றோவும் ஜெனரல் மன்றோவும்: ஒரு மலர்க் குறிப்பைச் சரிபார்த்த விவரம்

தருமபுரியில் உள்ளூர் வரலாற்று மலர் ஒன்றுக்கு வந்த குறிப்பைச் சரிபார்த்துத் தரும்படி என்னிடம் கொடுத்தார்கள். எழுதியவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அவரை ஊரில் எல்லோரும் ஐயா என்றுதான் அழைப்போம். குறிப்பு இவ்வளவுதான்:

“காஞ்சிபுரத்தில் ஐதர் அலியை எதிர்த்துப் படை நடத்தியவரும், கிருஷ்ணகிரிக் கோட்டையைத் தாக்கியவரும், சீரங்கப்பட்டணத்தைக் கைப்பற்றியவருமான ஜெனரல் சர் தாமஸ் மன்றோ, 1792 முதல் 1799 வரை தருமபுரியில் கலெக்டராக இருந்தார்.”

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. இதில் வரும் ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் ஏதோ ஓர் ஆவணத்தில் உண்மையாகவே இருக்கிறது. ஜெனரல் மன்றோ ஒருவர் காஞ்சிபுரத்தில் இருந்தார். சர் தாமஸ் மன்றோ என்று ஒருவர் உண்டு. 1792 முதல் 1799 வரை மன்றோ ஒருவர் தருமபுரியில் வரி வசூலித்தார். சிக்கல் என்னவென்றால், இவை அனைத்தும் ஒரே ஆளுக்கு ஒரே காலத்தில் பொருந்தவில்லை. படை அதிகாரிகளின் வாழ்க்கைக் குறிப்புகளில் நான் பார்த்த பிழைகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான். பொய் யாரும் சொல்வதில்லை. கடைசியாகப் பெற்ற பட்டத்தை முதல் நாளிலிருந்தே சூட்டிவிடுகிறோம், அவ்வளவுதான்.

எனவே வேலையைத் தொடங்கும்போது மன்றோவின் பதவி என்ன என்று நான் கேட்கவில்லை. எந்தத் தேதியில் என்ன பதவி, அந்தப் பதவியைக் கொடுத்தவர் யார், அது எந்தத் தாளில் ஏறியது என்றுதான் கேட்டேன். இப்படிக் கேட்டால்தான் ஆவணங்கள் வாய் திறக்கும்.

காஞ்சிபுரம், 1780

முதலில் எளிதானதை முடித்துவிடலாம். 1780 செப்டம்பர் 10 அன்று பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை ஐதர் அலியிடம் அழிந்தது. அப்போது சில மைல் தொலைவில் காஞ்சிபுரத்தில் பெரும்படையோடு இருந்துகொண்டு உதவிக்குப் போகாமல் நின்றுவிட்டு, பிறகு சென்னையை நோக்கிப் பின்வாங்கியவர் சர் ஹெக்டர் மன்றோ. 1764-ல் பக்சார் போரை வென்ற அதே ஹெக்டர் மன்றோ. பிரிட்டிஷ் அரசு வெளியிடும் லண்டன் கெஜட்டின் அந்த ஆண்டுச் செய்திகளில் மன்றோ என்று வந்தால் பெரும்பாலும் அது இவர்தான்.

தாமஸ் மன்றோ அப்போது யார்? 1761-ல் கிளாஸ்கோவில் பிறந்தவர், 1780 ஜனவரியில் சென்னையில் வந்து இறங்கிய கேடட். வயது 19. ஹெக்டரின் அதே படையில் அவரும் நடந்தார் என்பதுதான் குழப்பத்தின் வேர். ஒரே படையில் இரண்டு மன்றோக்கள். ஒருவர் தலைமைத் தளபதி, இன்னொருவர் இன்னும் தாடி முளைத்து முடியாத கேடட். பின்னால் வந்தவர்கள் புகழ்பெற்ற பெயரை எடுத்துக்கொண்டு, பதவியையும் அதோடு சேர்த்து ஒட்டிவிட்டார்கள்.

இதைக் கண்டுபிடிக்கச் சிறப்பு அறிவு எதுவும் தேவையில்லை. பதவிக்கும் வயதுக்கும் ஒரு கணக்குப் போட்டாலே போதும். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் காலாட்படை அதிகாரிகளின் பதவி உயர்வு மூப்பு அடிப்படையில் நடந்தது. மேலே உள்ளவர் இறந்தால், ஓய்வு பெற்றால், அல்லது படை விரிவடைந்தால்தான் கீழே உள்ளவருக்கு வழி. அரசரின் படையில் பணம் கொடுத்துப் பதவி வாங்கும் வழக்கம் இருந்தது. கம்பெனியில் அது இல்லை. ஆகவே 19 வயதில் ஜெனரல் என்று ஒரு தாள் சொன்னால், தாளைச் சந்தேகிப்பதற்கு முன் ஆளைச் சந்தேகிக்க வேண்டும். அது வேறு ஆள்.

ஐயாவிடம் இதைச் சொன்னபோது அவர் விடவில்லை. “லண்டன் கெஜட்டிலேயே மன்றோ என்றுதானே போட்டிருக்கிறார்கள்?” என்றார். அச்சுப்பிரதியைக் கையில் வைத்திருந்தார். அதில் பெயருக்கு முன்னால் ‘சர்’ இருந்தது. தாமஸ் அந்தப் பட்டத்தைப் பெற அதற்குப் பின் ஏறக்குறைய 40 ஆண்டுகள் ஆயின. அந்த மூன்றெழுத்துச் சொல்லே போதுமான சான்று என்று காட்டியதும் பேனாவை எடுத்து அந்த வரியை அவரே அடித்துவிட்டார்.

கெஜட் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். லண்டன் கெஜட் 1665-லிருந்து வெளிவருகிறது. இணையத்தில் இலவசமாகத் தேடலாம். அதனால் நம் ஊரில் வரலாறு எழுதுபவர்கள் நேராக அங்கே போய்ப் பெயரைத் தட்டுகிறார்கள். தாமஸ் மன்றோ லெப்டினன்ட் ஆனதையோ கேப்டன் ஆனதையோ அங்கே தேடினால் கைக்கு எதுவும் வராது. வராததைப் பார்த்து ஆவணம் இல்லை என்று முடிவு கட்டுகிறவர்களும் உண்டு.

காரணம் சாதாரணமானது. கெஜட் அரசரின் அறிவிப்புத் தாள். அரசர் கொடுத்த பதவிகள் அதில் ஏறும். மன்றோ அரசரின் அதிகாரி அல்லர். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படை அதிகாரி. அவருக்குப் பதவி கொடுத்தது செயின்ட் ஜார்ஜ் கோட்டை அரசு. உறுதி செய்தது லண்டனில் கம்பெனியின் இயக்குநர் குழு. கம்பெனியின் இளநிலை அதிகாரிகளின் வழக்கமான பதவி உயர்வுகளை கெஜட் கண்டுகொள்வதில்லை. கம்பெனி அதிகாரிகளின் பெயர் அங்கே வருவது பெரும்பாலும் மூன்று சந்தர்ப்பங்களில்தான்: போர்க்களத்திலிருந்து வந்த அறிக்கை முழுதாக அச்சாகும்போது, அரசர் விருதோ பட்டமோ கொடுக்கும்போது, உயர்நிலை அதிகாரிகளுக்கு ‘கிழக்கிந்தியாவில் மட்டும்’ செல்லுபடியாகும் மதிப்புப் பதவி வழங்கும்போது. இந்த மூன்றாவதைக் கவனமாகப் படிக்க வேண்டும். அந்தச் சொற்றொடர் இருந்தால், இங்கிலாந்தில் கால் வைத்ததும் அந்தப் பதவிக்கு மதிப்பு மாறிவிடும் என்று பொருள்.

அப்படியானால் லெப்டினன்ட் மன்றோவை எங்கே பிடிப்பது? கம்பெனியின் சொந்தப் பதிவேடுகளில். லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் சென்னைப் படைக்கென்று தனி வரிசை இருக்கிறது. அதன் குறியீடு `IOR/L/MIL/11`. அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு 1838-ல் அச்சான, டாட்வெல், மைல்ஸ் இருவரும் தொகுத்த அதிகாரிகள் பட்டியல் உதவும். 1760 முதல் 1834 வரை கம்பெனியின் மூன்று படைகளிலும் இருந்த அதிகாரிகளை அகர வரிசையில் போட்டு, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பதவியும் எந்தத் தேதியில் கிடைத்தது என்று கட்டம் கட்டமாகக் கொடுத்திருக்கிறார்கள். ஸ்கேன் செய்த பிரதி இணையத்தில் கிடைக்கிறது. சலிப்பூட்டும் புத்தகம்தான், ஆனால் பத்து வாழ்க்கை வரலாறுகள் தீர்க்காத சண்டையை ஒரு வரியில் தீர்த்துவிடும்.

தேடுவதிலும் ஒரு தந்திரம் உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் கெஜட் தாள்களில் எஸ் எழுத்து நீண்டு, எஃப் போலவே இருக்கும். கணினி அதை எஃப் என்றே படித்துவிடும். ஹவுஸ் என்ற சொல் `Houfe` என்றும் மெஜஸ்டி என்ற சொல் `Majefty` என்றும் பதிவாகியிருக்கும். மன்றோ என்ற பெயரில் எஸ் இல்லாததால் தப்பித்தோம். ஆனால் `Munro` என்று ஓர் இடத்தில் போட்ட அதே ஆளை இன்னோர் இடத்தில் `Monro` என்று போட்டிருப்பார்கள். இரண்டையும் தேட வேண்டும். ஊர்ப் பெயர்களும் அப்படியே. தருமபுரி என்று இன்றைய ஆங்கில எழுத்தில் தேடினால் ஒன்றும் வராது. `Darampoory` என்றும் கிருஷ்ணகிரிக்கு `Kistnagherry` என்றும் தட்ட வேண்டும். நம்மூர் ஆவணங்கள் இருக்கும் தலைப்பும் வேறு. தருமபுரி மாவட்டம் 1965-ல் சேலத்திலிருந்து பிரிந்தது. கிருஷ்ணகிரி 2004-ல் தருமபுரியிலிருந்து பிரிந்தது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் போய்த் தருமபுரி மாவட்டம் என்று கேட்டால் பழைய கட்டு எதுவும் வெளியே வராது. இந்தப் பகுதியின் பழைய பெயரான பாராமகால் என்றோ, சேலம் என்றோ கேட்க வேண்டும்.

தருமபுரி ஏழாண்டு: என்ன பதவி, என்ன வேலை

1792 மார்ச்சில் திப்பு சுல்தானுடன் ஏற்பட்ட உடன்படிக்கையில் பாராமகால் கம்பெனியின் கைக்கு வந்தது. கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் பிரபு அதை வருவாய்த் துறை சிவில் அதிகாரிகளிடம் ஒப்படைக்காமல், உள்ளூர் மொழி தெரிந்த நான்கு படை அதிகாரிகளிடம் கொடுத்தார். தலைவர் கேப்டன் அலெக்ஸாண்டர் ரீட். அவருக்கு உதவியாளர்கள் மூவர்: மன்றோ, கிரகாம், மெக்லியோட். நாட்டை மூன்றாகப் பிரித்ததில் வடக்குப் பகுதியான கிருஷ்ணகிரி கிரகாமுக்கும், நடுப்பகுதியான தருமபுரி மன்றோவுக்கும், தெற்கான சேலம் மெக்லியோடுக்கும் வந்தன.

ஆக, குறிப்பில் உள்ள ‘கலெக்டர்’ என்ற சொல் அப்படியே நிற்காது. மாவட்டத்துக்குப் பொறுப்பு ரீட். மன்றோ அவருக்குக் கீழே ஒரு பகுதியைப் பார்த்த உதவியாளர். சென்னை அரசு 1907-லிருந்து ‘பாராமகால் ஆவணங்கள்’ என்ற பெயரில் அந்தக் காலக் கடிதங்களைத் தொகுதி தொகுதியாக அச்சிட்டது. பதவியைச் சரிபார்க்க எனக்கு மிகவும் பிடித்த கருவி அதுதான். அதிலுள்ள கடிதங்கள் பெரும்பாலும் பயிர், தீர்வை, ஏரி, நில அளவை பற்றியவை. படைப் பதவி பற்றி அவை எதுவும் சொல்ல வரவில்லை. ஆனால் ஒவ்வொரு கடிதத்துக்கும் மேலே யாருக்கு என்றும் கீழே யார் என்றும் தேதியோடு இருக்கிறது. ‘கேப்டன் ரீட் அவர்களுக்கு’ என்று தொடங்கிய விளிப்பு, பிற்பாடு ‘லெப்டினன்ட் கர்னல் ரீட் அவர்களுக்கு’ என்று மாறுகிறது. எழுதுகிறவர் ஒருபோதும் மேலதிகாரியின் பதவியைக் குறைத்து எழுத மாட்டார், பிழைப்பு போய்விடும். எனவே கடித விளிப்பு மாறும் இடத்தைப் பிடித்தால், பதவி உயர்வுச் செய்தி ரீட் இருந்த திருப்பத்தூருக்கும் தருமபுரிக்கும் எப்போது வந்து சேர்ந்தது என்பது தெரிந்துவிடும். வந்து சேர்ந்த தேதி என்று சொல்வதைக் கவனியுங்கள். பதவி கொடுக்கப்பட்ட தேதி அதற்கு முன்பாகவே இருக்கும். சில நேரம் பல மாதம் முன்பாக.

மன்றோவின் விஷயத்தில் விவரம் தெளிவு. பாராமகாலுக்குள் நுழைந்தபோது அவர் லெப்டினன்ட். 1796-ல் கேப்டன் ஆனார். அந்த ஆண்டு கம்பெனிப் படைகள் முழுதாக மாற்றியமைக்கப்பட்டன. நெடுநாள் தேங்கிக் கிடந்த இளநிலை அதிகாரிகள் பலருக்கு வழி திறந்தது. சென்னையில் வந்து இறங்கி 16 ஆண்டுகள் ஆனபின் கேப்டன். மூப்பு முறை எவ்வளவு மெதுவானது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். தருமபுரியில் வீடு கட்டி, தோட்டம் போட்டு, குதிரையில் ஊர் ஊராகப் போய் வயல் அளந்த மன்றோ முதல் நான்கு ஆண்டு லெப்டினன்ட், கடைசி மூன்று ஆண்டு கேப்டன். அந்த ஏழாண்டில் ஒரு நாள்கூட அவர் ஜெனரல் இல்லை, சர்ரும் இல்லை.

இங்கே பதிவேடுகளைப் படிப்பவர்கள் வழக்கமாக விழும் பள்ளம் ஒன்று இருக்கிறது. மன்றோ வருவாய் வேலைக்குப் போனபோதும் படையின் பெயர்ப் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுக்கவில்லை. பட்டாலியனில் அவருடைய இடம் அப்படியே இருந்தது. மூப்பு ஓடிக்கொண்டே இருந்தது. படைப் பட்டியலைத் திறந்தால் இன்ன ரெஜிமென்ட் என்று இருக்கும். உடனே அந்த ரெஜிமென்ட் அந்த ஆண்டுகளில் எங்கே சண்டை போட்டது என்று பார்த்து, அதையெல்லாம் இவர் கணக்கில் எழுதுவார்கள். ஆள் தருமபுரியில் பட்டாக் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பார். குறிப்பில் அவர் எங்கோ கோட்டைச் சுவரில் ஏறிக்கொண்டிருப்பார். ரெஜிமென்ட் என்பது பெயர் இருந்த இடம். பணியிடம் என்பது ஆள் இருந்த இடம். இரண்டாவதை நிரூபிக்க நியமன ஆணையோ, அவர் எழுதிய கடிதத்தின் ஊரும் தேதியுமோ வேண்டும்.

பதவி உயர்வையே போர்ச் சாதனையாகப் படிப்பதும் இதே வகைப் பிழை. மன்றோ 1800-ல் மேஜர், 1804-ல் லெப்டினன்ட் கர்னல் ஆனார். இரண்டும் கிடைத்த காலத்தில் அவர் கனராவிலும் பிறகு கடப்பை, பெல்லாரிப் பக்கமும் கலெக்டராக இருந்தார். 1813-ல் கர்னல் ஆனபோது விடுப்பில் பிரிட்டனில் இருந்தார். மூன்று பதவிகளுக்கும் பின்னால் ஒரு போர்க்களமும் இல்லை. மேலே இடம் காலியானது, வரிசை நகர்ந்தது.

கிருஷ்ணகிரிக் கோட்டை

இதை ஐயா சேர்த்ததற்குக் காரணம் எனக்குப் புரிகிறது. மலருக்குக் கிருஷ்ணகிரி வாசகர்களும் உண்டு. ஆனால் 1791 நவம்பரில் அந்தக் கோட்டையைத் தாக்கிய படையின் தலைவர் லெப்டினன்ட் கர்னல் மேக்ஸ்வெல். கீழே இருந்த பேட்டை அவர் கைக்கு வந்தது. மலைமேல் கோட்டை வரவில்லை. தாக்குதல் முறியடிக்கப்பட்டது. கோட்டை கம்பெனியிடம் வந்தது மறு ஆண்டு உடன்படிக்கையால்தான். தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய பதவி அன்றைய மன்றோவுக்கு இல்லை. ஒரு லெப்டினன்ட் அப்படிப்பட்ட படையை நடத்த மாட்டார். அவர் அந்த இரவு அங்கே இருந்தார் என்று சொல்லவும் நான் பார்த்த தாள்களில் ஒரு வரி இல்லை. நீக்கிவிட்டோம்.

சீரங்கப்பட்டணம், 1799

மிகவும் வாதம் நடந்தது இந்த வரியில்தான். குறிப்பின்படி பார்த்தால், சீரங்கப்பட்டணத்தைப் பிடித்துவிட்டு 1792-ல் தருமபுரிக்கு வந்திருக்கிறார். 1792-ல் அந்தக் கோட்டை பிடிபடவே இல்லை. முற்றுகை நடந்தது, திப்பு உடன்பட்டார், பாராமகாலைக் கொடுத்தார். கோட்டை விழுந்தது 1799 மே 4 அன்று. அதாவது தருமபுரி ஏழாண்டின் முடிவில்.

“சரி, 1799-ல் இருந்தாரா இல்லையா?” என்று கேட்டார் ஐயா. நியாயமான கேள்வி. பதில் நுட்பமானது.

1799 போரில் மன்றோ கலந்துகொண்டார். ஆனால் எந்த இடத்தில்? ஜெனரல் ஹாரிஸின் பெரும்படை சீரங்கப்பட்டணம் நோக்கிப் போனபோது, பாராமகாலில் ரீட் தலைமையில் தனிப் பிரிவு ஒன்று இருந்தது. அந்தப் பிரிவின் முக்கிய வேலை தானியமும் மாடும் திரட்டி, மலைக் கணவாய் வழியே பெரும்படைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. மன்றோ அந்தப் பிரிவில் ரீட்டின் செயலாளர். காவேரிபுரம் கணவாய் வழியாக அந்த வண்டிப்படை சீரங்கப்பட்டணம் போய்ச் சேர்ந்தபோது கோட்டை விழுந்து சில நாட்கள் ஆகியிருந்தன.

கோட்டையைத் தாக்கிய நாளின் அறிக்கை சில மாதங்கள் கழித்து லண்டன் கெஜட்டில் வந்தது. அதில் மன்றோ பெயர் இல்லை என்பதை மட்டும் வைத்து அவர் அங்கே இல்லை என்று நான் முடிவு கட்டவில்லை. அப்படி முடிவு கட்டவும் கூடாது. இத்தகைய அறிக்கைகளில் இடம்பெறுபவர்கள் தளபதி பாராட்டிய சிலரும், இறந்த, காயமடைந்த அதிகாரிகளும்தான். ஒரு கீறல்கூட இல்லாமல் தப்பித்த நூற்றுக்கணக்கான அதிகாரிகளின் பெயரை எவரும் அச்சிடவில்லை. பெயர் இல்லாதது எதையும் நிரூபிக்காது. அவர் இன்னொரு இடத்தில் இருந்தார் என்பதுதான் நிரூபணம். ரீட்டின் பிரிவு எந்த நாளில் எங்கே இருந்தது என்ற வழித்தடம் அதைத் தருகிறது.

குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. கோட்டை விழுந்தபின் மைசூரின் எதிர்காலத்தைத் தீர்மானிக்க அமைத்த குழுவுக்கு இரண்டு செயலாளர்கள்: கேப்டன் ஜான் மால்கம், கேப்டன் தாமஸ் மன்றோ. அந்தக் குழுவின் தாள்களில் சீரங்கப்பட்டணம், 1799, மன்றோ என்று மூன்றும் ஒரே பக்கத்தில் வருகின்றன. பின்னால் படித்தவர்கள் அதை வைத்துக்கொண்டு அவரைக் கோட்டைச் சுவரின் உடைப்பில் ஏற்றிவிட்டார்கள். மே மாதம் 4-ஆம் தேதிக்கும் அந்தக் குழு கூடிய நாட்களுக்கும் நடுவே உள்ள சில வாரங்கள்தான் இந்தப் பிழையின் முழு உயரமும். போர்ப் பங்கேற்பைச் சரிபார்க்கும்போது ஆண்டு போதாது, மாதம் போதாது, நாள் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

ஜெனரல் எப்போது வந்தார்

மன்றோ தளபதியாகப் படை நடத்தியது தருமபுரியை விட்டுப் போய் 18 ஆண்டுகள் கழித்து. 1817-18 மராட்டியப் போரில், துங்கபத்திரைக்கு வடக்கே தார்வார்ப் பகுதியில், முதலில் மிகச் சிறிய படையோடு தொடங்கினார். உள்ளூர் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு கோட்டை கோட்டையாக எடுத்தார். 1818-ல் பாதாமி, பெல்காம், மே மாதத்தில் சோலாப்பூர். 56 வயதில், பல ஆண்டு சிவில் வேலைக்குப் பின், இது சாதாரணம் இல்லை. குறிப்பெழுதுபவர்கள் இதை விட்டுவிட்டு அவர் இல்லாத முற்றுகையைத் தேடிப் போவது எனக்கு விளங்காத விஷயம்.

அந்தப் போரில் அவருடைய பதவி ‘பிரிகேடியர் ஜெனரல்’ என்று வருகிறது. அதே காலப் படைப் பட்டியல் ‘கர்னல்’ என்கிறது. இரண்டில் எது பிழை என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. இரண்டும் சரி. கர்னல் என்பது அவர் மூப்பில் பெற்று நிலையாக வைத்திருந்த பதவி. பிரிகேடியர் ஜெனரல் என்பது அந்தப் போருக்காக, அந்தப் படைக்குத் தலைமை தாங்குவதற்காகக் கொடுத்த தகுதி. பொறுப்பு முடிந்தால் அதுவும் முடியும். பெயருக்கு முன்னால் எதைப் போடுவது என்றால், சம்பவத்தைச் சொல்லும்போது அன்று வகித்த தகுதியைச் சொல்லி, நிலையான பதவியை ஒரு முறை குறிப்பிட்டுவிட வேண்டும். ‘கர்னல் மன்றோ, இந்தப் படையெடுப்பில் பிரிகேடியர் ஜெனரலாக’ என்று எழுதினால் எந்த ஆவணத்தோடும் மோதாது.

மேஜர் ஜெனரல் பதவியும், பாத் விருதின் கே.சி.பி. பட்டமும் 1819-ல் வந்தன. அப்போதுதான் ‘சர்’. இங்கே லண்டன் கெஜட் தன் வேலையைச் செய்கிறது; அரசர் கொடுத்த விருது என்பதால் அது அங்கே இருந்தாக வேண்டும். 1820 ஜூனில் சென்னை கவர்னர். 1825-ல் பேரனெட் பட்டம். 1827 ஜூலை 6 அன்று பத்திகொண்டாவில் காலராவில் இறந்தார். சென்னையில் தீவுத்திடல் பக்கம் குதிரைமேல் உட்கார்ந்திருப்பவர் இந்தக் கடைசி ஏழாண்டு மன்றோ. நம்மூர் மன்றோவுக்குச் சிலை வைப்பதென்றால் கேப்டன் உடையில் நில அளவைச் சங்கிலியோடுதான் வைக்க வேண்டும்.

மலரில் போனது

திருத்திய குறிப்பை ஐயாவே எழுதினார். நான் பார்த்துக் கொடுத்தது இரண்டு தேதிகளை மட்டும்.

“1780-ல் கேடட்டாகச் சென்னைக்கு வந்த தாமஸ் மன்றோ, 1792 முதல் 1799 வரை கேப்டன் (பின்னர் லெப்டினன்ட் கர்னல்) ரீட்டின் உதவியாளராகத் தருமபுரிப் பகுதியின் வருவாய் நிர்வாகத்தைக் கவனித்தார். அப்போது முதலில் லெப்டினன்ட், 1796 முதல் கேப்டன். 1799 மைசூர்ப் போரில் ரீட்டின் பிரிவில் செயலாளராக இருந்தார். பிற்காலத்தில் 1817-18 மராட்டியப் போரில் படை நடத்தி, 1819-ல் மேஜர் ஜெனரலாகவும் சர் பட்டம் பெற்றவராகவும் ஆகி, 1820-ல் சென்னை கவர்னரானார்.”

பழைய குறிப்பைவிட நீளம் அதிகம், வீரம் குறைவு. மலர்க் குழுவில் ஒருவர், தலைப்பில் மட்டுமாவது ‘ஜெனரல் மன்றோ’ என்று இருக்கட்டும், அப்போதுதான் படிப்பார்கள் என்றார். தலைப்பில் ‘கேப்டன் மன்றோவின் தருமபுரி’ என்று போடச் சொன்னோம். கிரகாமைப் பற்றியும் ஒரு பத்தி வேண்டும் என்று கிருஷ்ணகிரி நண்பர்கள் இப்போது கேட்கிறார்கள். அவர் பெயரிலும் அந்தக் காலப் படைப் பட்டியலில் ஒருவருக்கு மேல் இருக்கிறார்கள். ஜேம்ஸ் என்ற முதற்பெயரையும் பாராமகால் கடிதங்களின் தேதியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தொடங்க வேண்டும்.